ஸ்பிரிங்கை முறுக்கினால் சரியாகிவிடுமா?

திருவனந்தபுரத்தில் ஸ்ரீகாரியம் பொறியியல் கல்லூரியைச் சுற்றியும் கழக்கூட்டம் பக்கமும் த்ரீடி பிரிண்டர் வைத்து வேலை செய்துகொடுக்கும் சின்னச் சின்னப் பட்டறைகள் உண்டு. டெக்னோபார்க்கில் கேரள ஸ்டார்ட்அப் மிஷன் அமைத்த ஃபேப் லேபில் மெஷினைத் தொட்டுப் பழகிவிட்டு, பிறகு சொந்தமாக ஒன்று வாங்கி மாடி அறையில் வைத்துக்கொண்ட மாணவர்களும் இருக்கிறார்கள். இவர்கள் எல்லோரும் என்றாவது ஒருநாள் சந்தித்தே தீரும் கோளாறு ஒன்று. பிரிண்ட் பாதியில் மெலிந்துபோகும். எக்ஸ்ட்ரூடர் ‘டிக் டிக்’ என்று சத்தம் போடும். அல்லது சத்தமே இல்லாமல் கியருக்குக் கீழே ஃபிலமென்ட் தூளாகக் கொட்டிக் கிடக்கும். இதற்குச் சொல்லப்படும் கைவைத்தியங்கள் பல. அவற்றில் பாதி, இருக்கும் கோளாறை வளர்த்துவிடுபவை.

மெஷினின் இந்தப் பகுதி எளிமையானது. ஸ்டெப்பர் மோட்டாரின் தண்டில் பல் வெட்டிய ஒரு சிறு பித்தளைச் சக்கரம். அதற்கு எதிரே, ஒரு கையின் முனையில் சுழலும் பேரிங். அந்தக் கையை ஒரு ஸ்பிரிங் சக்கரத்தை நோக்கி அழுத்திக்கொண்டே இருக்கிறது. 1.75 மி.மீ. ஃபிலமென்ட் இரண்டுக்கும் நடுவே போகிறது. பல் அதைக் கடித்து, டெஃப்லான் குழாய் வழியாகச் சூடான நாசிலுக்குத் தள்ளுகிறது. எக்ஸ்ட்ரூடர் சட்டத்தில் தனியாக இருந்து நீளமான குழாய் வழியே தள்ளினால் அதை போடன் வகை என்பார்கள். நாசிலுக்கு நேர் மேலேயே உட்கார்ந்திருந்தால் டைரக்ட் டிரைவ்.

இங்கே மூன்று விஷயங்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன: கீழிருந்து வரும் எதிர்ப்பு, ஃபிலமென்டின் மேல் பல்லுக்கு இருக்கும் பிடி, மோட்டாரின் திருகுவலு. எதிர்ப்பு அதிகமாகும்போது மற்ற இரண்டில் எது பலவீனமோ அது முதலில் தோற்கும். எது தோற்றது என்று தெரியாமல் செய்யும் எந்தப் பழுதுபார்ப்பும் குருட்டாம்போக்குதான்.

“டிக் டிக் சத்தம் வந்தால் பிடி போதவில்லை என்று அர்த்தம்”

இல்லை, பெரும்பாலும் நேர் எதிர். அந்தச் சத்தம் வரும்போது கியரின் பக்கவாட்டில் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்துப் பாருங்கள். புள்ளி முன்னேறி முன்னேறிப் போய், சட்டென்று ஒரு துள்ளலில் பின்னால் வந்துவிடும். ஃபிலமென்டும் கூடவே பின்னால் துள்ளும். பல் ஃபிலமென்டை விடவே இல்லை, மோட்டார்தான் தோற்றிருக்கிறது. தள்ள முடியாத அளவுக்கு எதிர்ப்பு வந்ததும் ஸ்டெப்பர் மோட்டார் தன் காந்த நிலையை இழந்து பின்னால் நழுவுகிறது. இது ‘ஸ்கிப்’. பிடி நன்றாக இருப்பதால்தான் இந்தச் சத்தமே வருகிறது. இந்த நிலையில் ஸ்பிரிங்கை மேலும் முறுக்கி ஒரு பலனும் இல்லை. பார்க்க வேண்டியது கீழே: நாசில் அடைப்பு, குறைந்த சூடு, அளவுக்கு மீறிய வேகம், படுக்கைக்கு மிக அருகில் இறங்கிய முதல் அடுக்கு. சத்தம் முதல் அடுக்கில் மட்டும் வந்து பிறகு நின்றுவிட்டால், எக்ஸ்ட்ரூடரைத் தொடவே வேண்டாம். நாசில் உயரத்தைச் சரிசெய்தால் போதும்.

இன்னொரு வகை வேறு மாதிரி. புள்ளி நிதானமாக, ஒரே சீராகச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஃபிலமென்ட் மட்டும் நகராது. பல்லிடுக்கில் நிறத் தூள் சேரும். இது ‘கிரைண்டிங்’, அதாவது பிடி தோற்றுவிட்டது. சேற்றில் மாட்டிய லாரியின் சக்கரம் சுற்றச் சுற்ற தனக்கே குழி பறித்துக்கொள்வது போல, கியர் ஒரே இடத்தில் ஃபிலமென்டைச் சுரண்டி அரைவட்டப் பள்ளம் ஆக்கிவிடும். அந்தப் பள்ளம் விழுந்த பிறகு எதிர்ப்பு குறைந்தாலும் ஃபிலமென்ட் தானாக நகராது, ஏனென்றால் பல்லுக்குக் கடிக்க அங்கே ஒன்றும் மிச்சமில்லை. அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டுப் புது முனையைச் செருக வேண்டும். பல்லிடுக்கில் இறுகிப்போன தூளைக் குண்டூசியாலும் பழைய பல்துலக்கும் பிரஷாலும் எடுக்க வேண்டும். தூள் அடைத்த கியர் புதிதாக இருந்தாலும் வழவழப்பான உருளைதான். தூளை எடுக்காமல் மறுபடி ஓட்டிவிட்டு “கியர் போச்சு” என்று முடிவுகட்டுவது அடிக்கடி நடக்கிறது.

எல்லாம் சத்தத்தை வைத்தே தீர்மானிக்கலாம் என்றும் நினைக்க வேண்டாம். ஒரே அடைப்பு, ஒரு மெஷினில் டிக் டிக் என்றும் இன்னொன்றில் தூளாகவும் வெளிப்படும். இரண்டு மெஷினிலும் நோய் ஒன்றுதான், பலவீனமான இடம்தான் வேறு. மார்க்கர் புள்ளி காட்டுவது எது தோற்றது என்பதை மட்டும். ஏன் தோற்றது என்பது அடுத்த கேள்வி.

“ஸ்பிரிங் எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு நல்லது”

தூளைப் பார்த்ததும் எல்லோரும் கை வைப்பது டென்ஷன் ஸ்க்ரூவில். ஒரு எல்லை வரை அது சரி. ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் பல் மேலோட்டமாகத்தான் கீறும், உள்ளே இறங்காது. ஆனால் எல்லையைத் தாண்டினால் மூன்று கேடுகள் வரும்.

முதலாவது, ஃபிலமென்ட் நசுங்கும். வட்டமாக இருந்தது முட்டை வடிவத்துக்குப் போகும். டெஃப்லான் குழாயின் உள்விட்டம் வழக்கமாக 1.9 முதல் 2 மி.மீ. வரைதான். 1.75 மி.மீ. ஃபிலமென்ட் ஒரு திசையில் நசுங்கி மறுதிசையில் 1.9-ஐ எட்டினால், குழாய் நெடுகிலும் உரசிக்கொண்டுதான் போகும். பிடியைக் கூட்டப்போய் எதிர்ப்பைக் கூட்டிவிட்டோம். இரண்டாவது, பல் ஆழமாக இறங்கும்போது ஃபிலமென்டின் உட்பகுதியைத்தான் கியர் தள்ளுகிறது. கியரின் செயல்விட்டம் கொஞ்சம் சுருங்குகிறது, ஒரு சுற்றுக்குப் போகும் நீளம் குறைகிறது. முன்பு அளந்து வைத்த கணக்கு தப்பிவிடும். மூன்றாவதைத்தான் நம் ஊர்ப் பட்டறைகளில் அதிகம் பார்க்கலாம். விலை குறைந்த மெஷின்களில் அந்தக் கை பிளாஸ்டிக். நாள் முழுக்க ஸ்பிரிங்கின் அழுத்தத்தைத் தாங்கித் தாங்கி, கை சுழலும் ஸ்க்ரூவின் ஓட்டையை ஒட்டி மெல்லிய விரிசல் விடும். மேலிருந்து பார்த்தால் முழுசாகத்தான் தெரியும், விரிசல் அடிப்பக்கம் இருக்கும். ஸ்பிரிங்கை முறுக்க முறுக்க விரிசல் விரியுமே தவிர அழுத்தம் பேரிங்குக்குப் போய்ச் சேராது. டார்ச் அடித்துக்கொண்டு லீவரை அழுத்திப் பாருங்கள். ஓட்டையை ஒட்டி ஒரு கோடு வாய் திறந்து மூடினால் கையை மாற்றத்தான் வேண்டும். அலுமினியக் கை வாங்கிப் போட்டால் இந்தத் தொல்லை அதோடு ஒழியும்.

கை விரிசல் விடாமலும் அழுத்தம் போகாமல் இருக்கலாம். கையைச் சுழல விடும் ஸ்க்ரூவை யாரோ முழு இறுக்கமாகக் கட்டியிருப்பார்கள். கை அசையவே சிரமப்படும், ஸ்பிரிங் அதோடு மல்லுக்கட்டித் தீர்ந்துபோகும். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு விரலால் தட்டினால் கை தாராளமாக ஆட வேண்டும். ஆடாவிட்டால் அந்த ஸ்க்ரூவைக் கால் சுற்று தளர்த்துங்கள்.

சரியான அழுத்தத்தைக் கண்டுபிடிக்கும் முறை இது. ஸ்க்ரூவை நன்றாகத் தளர்த்திவிட்டு, பிஎல்ஏ என்றால் நாசிலை 210 டிகிரிக்குச் சூடாக்கி, நிதானமாக ஃபிலமென்ட் ஓட விடுங்கள். உள்ளே போகும் ஃபிலமென்டை இரண்டு விரலால் பிடித்துக் கொஞ்சம் தடுத்துப் பாருங்கள். தளர்ந்த நிலையில் கியர் சுற்ற, ஃபிலமென்ட் விரலுக்குள் நின்றுவிடும். ஸ்க்ரூவை அரைச் சுற்று இறுக்கி மறுபடி பிடியுங்கள். ஏதோ ஒரு கட்டத்தில் ஃபிலமென்ட் விரலை மீறி வழுக்கிக்கொண்டு போகும். அதற்கு மேல் அரைச் சுற்று போதும். பிறகு ஃபிலமென்டை வெளியே இழுத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு பக்கம் ஏணிப்படி போல ஒரே ஆழத்தில், ஒரே இடைவெளியில் பல்தடம் இருக்க வேண்டும். எதிர்ப்பக்கம் வழவழப்பாக இருக்க வேண்டும். காலிப்பரால் இரண்டு திசையிலும் அளந்தால் வித்தியாசம் சொற்பமாக இருக்க வேண்டும். எதிர்ப்பக்கத்தில் பளபளவென்று இழுவைக்கோடு தெரிந்தால் பேரிங் சுற்றவில்லை, ஃபிலமென்ட் அதன்மேல் உராய்ந்துகொண்டு போகிறது. பேரிங்குக்குள் தூள் புகுந்திருக்கும். அதைச் சுத்தம் செய்யாமல் ஸ்பிரிங்கைக் குறை சொல்லிப் பயனில்லை.

டிபியு போன்ற ரப்பர்த்தன்மை உள்ள ஃபிலமென்டுக்கு இதே அழுத்தம் ஆகாது. அதற்கு ஸ்க்ரூவைக் கணிசமாகத் தளர்த்த வேண்டும், இல்லாவிட்டால் நசுங்கி, கியருக்கும் குழாய்க்கும் நடுவே உள்ள இடைவெளியில் மடங்கிச் சுருண்டுகொள்ளும்.

“மழைக்காலத்தில் வருவதெல்லாம் ஈரத்தால் வருவது”

இந்த ஊரில் இதை நம்பாதவர்கள் குறைவு. நம்புவதற்குக் காரணமும் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் தொடங்க வேண்டிய வழக்கமான தேதி ஜூன் 1. அது ஓய்ந்ததும் அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை இந்தத் தென்கோடியையும் நனைத்துவிட்டுத்தான் போகும். ஆண்டில் பாதி நாள் காற்றில் ஈரம். மெஷின் மக்கர் பண்ணுவதும் அந்த மாதங்களில்தான் அதிகம். ஆகவே ஃபிலமென்டை அடுப்பில் வைத்து உலர்த்துகிறார்கள். கோளாறு போவதில்லை.

ஈரம் என்ன செய்யும் என்பதைச் சரியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஃபிலமென்டில் ஏறிய ஈரம் நாசிலில் ஆவியாகும். பட் பட் என்று வெடிக்கும் சத்தம், மேற்பரப்பில் கொப்புளம், நூல் நூலாக இழை, நாசிலில் இருந்து தானாக ஒழுகுவது ஆகியவை அதன் அடையாளங்கள். பிஇடிஜி, நைலான், டிபியு ஆகியவற்றில் இவற்றைத் தெளிவாகப் பார்க்கலாம். ஈரம் பிளாஸ்டிக்கை இளக்கி ஒழுகச் செய்யுமே தவிர, பொதுவாக நாசிலின் எதிர்ப்பைக் கூட்டாது. ஆகையால் ஈரம் நேரடியாக கிரைண்டிங்கை வரவழைக்கும் என்பது பொருந்தாத வாதம். பழைய பிஎல்ஏ மட்டும் ஒரு விலக்கு. ஈரத்திலும் காலத்திலும் அது மொறுமொறுவென்று ஆகி, எக்ஸ்ட்ரூடரின் வாசலில் படக்கென்று ஒடியும். ஒடிந்த துண்டு உள்ளே மாட்டினால் கியர் அதை அரைக்கும். இது நடந்ததா என்று பார்க்க ஃபிலமென்டை வளைத்துப் பார்த்தாலே போதும்.

மழைக்காலத்துக்கும் இந்தக் கோளாறுக்கும் உள்ள இன்னொரு தொடர்பு மின்வெட்டு. இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. காற்றும் மழையும் வந்தால் கரண்ட் போய்ப் போய் வரும். பிரிண்ட் நடுவே கரண்ட் போனதும் நாசிலுக்கு மேலே குளிர்த்தகடுகளுக்கு முன்னால் இருக்கும் சின்ன விசிறி நின்றுவிடுகிறது. கீழே ஹீட்டர் கட்டி 200 டிகிரியில் இருக்கிறது. அந்தச் சூடு மேலே ஏறும். பிஎல்ஏ சுமார் 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கிவிடும். விறைப்பாக இருக்க வேண்டிய தொண்டைப் பகுதியில் அது இளகிப் புடைத்து, பிறகு ஆறி, குழாயோடு ஒட்டிய ஒரு தக்கையாக நிற்கும். கரண்ட் வந்ததும் மெஷின் விட்ட இடத்திலிருந்து தொடரவா என்று கேட்கும், நாமும் சரி என்போம். நாசில் மறுபடி சூடாகும், ஆனால் அந்தத் தக்கை இருக்கும் உயரத்துக்கு விசிறி சூட்டை ஏற விடாது. எதிர்ப்பு அப்படியே இருக்கும். கியர் தள்ளும், தள்ளும், கடைசியில் அரைக்கும்.

கரண்ட் போன உடனே ஃபிலமென்டை மேலே இழுக்க முடிந்தால் நல்லது. லீவரை அழுத்திக்கொண்டு கையாலேயே சில அங்குலம் உருவிவிடலாம். ஆள் இல்லாத நேரத்தில் நடந்திருந்தால், தொடரும் முன் ஃபிலமென்டை முழுதும் வெளியே எடுத்து முனையைப் பாருங்கள். நுனியில் குமிழ் போலப் புடைத்து, அதற்கு மேல் பல பல்தடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்திருந்தால் நடந்தது இதுதான். அந்த முனையை வெட்டிவிட வேண்டும். மெஷினுக்குச் சின்ன யுபிஎஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் வருவதில்லை, விசிறி நிற்காததுதான் காரணம். விசிறியே தூசி அடைத்து மெதுவாகச் சுற்றினால் கரண்ட் போகாமலே இதே தக்கை உருவாகும். பிரிண்ட் தொடங்கி ஒரு மணி நேரம் ஒழுங்காக ஓடி, அதற்குப் பிறகுதான் தினமும் கோளாறு வருகிறது என்றால் முதல் சந்தேகம் அந்த விசிறி மேல் விழ வேண்டும்.

“இ-ஸ்டெப்ஸைக் கூட்டினால் மெலிவு போய்விடும்”

பிரிண்ட் மெலிந்தால் சிலர் ஃப்ளோவை 110 சதவீதம் ஆக்குகிறார்கள், சிலர் இ-ஸ்டெப்ஸை ஏற்றுகிறார்கள். அளவுகோல் தப்பு என்றால் அது சரியான வைத்தியம். வழுக்கல் என்றால், ஏற்கெனவே தோற்றுக்கொண்டிருக்கும் பல்லை இன்னும் வேகமாகச் சுரண்டச் சொல்வதாகும். இரண்டையும் பிரித்துக் காட்ட ஒரு சோதனை இருக்கிறது. மார்த்தாண்டத்திலிருந்து வந்து ஸ்ரீகாரியத்தில் பட்டறை வைத்திருக்கும் தம்பி ஒருவருடைய மெஷினில் அதைச் செய்தபோது கிடைத்த எண்களையே இங்கே தருகிறேன். எம்கே8 வகை பித்தளைக் கியர் போட்ட போடன் மெஷின். மாணவர்களின் கடைசியாண்டு புராஜெக்ட்டுக்கான பெட்டிகளும் பிடிமானங்களும் இரவு பகலாக அடித்துக் கொடுத்தது. “ஸ்பிரிங்க முடிஞ்ச மட்டும் முறுக்கியாச்சு அண்ணே, ஃபிலமென்டயும் காய வச்சாச்சு, அப்பவும் தூளாத்தான் கொட்டுது” என்றார்.

எக்ஸ்ட்ரூடரின் வாசலிலிருந்து 120 மி.மீ. தள்ளி ஃபிலமென்டில் ஒரு கோடு போட வேண்டும். 100 மி.மீ. உள்ளே தள்ளச் சொல்ல வேண்டும். கோட்டுக்கும் வாசலுக்கும் நடுவே 20 மி.மீ. மிச்சமிருந்தால் சொன்ன அளவு போயிருக்கிறது. முதலில் டெஃப்லான் குழாயை எக்ஸ்ட்ரூடரின் வெளிப்பக்கம் கழற்றிவிட்டு, ஃபிலமென்டை வெறுங்காற்றில் தள்ளச் சொன்னோம். மிச்சம் சரியாக 20. அளவுகோலில் தப்பில்லை என்பது அங்கேயே முடிவாகிவிட்டது. பிறகு குழாயை மாட்டி, நாசிலை 210-க்குச் சூடாக்கி, இதே 100 மி.மீ.யை மூன்று வேகங்களில் ஓட்டினோம். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் புதுக் கோடு.

```
M109 S210
M83
G1 E100 F60
```

கடைசி வரியில் `F60` என்றால் நிமிடத்துக்கு 60 மி.மீ., அதாவது நொடிக்கு 1 மி.மீ. அதில் மிச்சம் 20. `F120`-இல் மிச்சம் 21. `F240`-இல் மிச்சம் 31. தள்ளச் சொன்ன 100-இல் 89தான் போயிருந்தது. இ-ஸ்டெப்ஸ் தப்பாக இருந்தால் மூன்று வேகத்திலும் ஒரே விகிதத்தில் குறைய வேண்டும். இங்கே வேகம் கூடக் கூடத்தான் குறைகிறது. ஆகவே இது வழுக்கல். இ-ஸ்டெப்ஸை 12 சதவீதம் கூட்டியிருந்தால் நிதானமாக ஓடும் இடங்களில் பிளாஸ்டிக் பிதுங்கி வழிந்திருக்கும், வேகமான இடங்களில் அப்போதும் மெலிந்திருக்கும்.

அடுத்து அவர் எவ்வளவு வேகத்தில் அடித்தார் என்று பார்த்தோம். அடுக்கு 0.28 மி.மீ., கோட்டின் அகலம் 0.45, வேகம் நொடிக்கு 90 மி.மீ. மூன்றையும் பெருக்கினால் நொடிக்கு ஏறத்தாழ 11.3 கன மி.மீ. பிளாஸ்டிக் உருக வேண்டும். 1.75 மி.மீ. ஃபிலமென்டின் குறுக்குவெட்டுப் பரப்பு 2.4 சதுர மி.மீ. வகுத்தால் நொடிக்கு 4.7 மி.மீ. ஃபிலமென்ட் உள்ளே போக வேண்டும், அதாவது `F283` அளவு. சோதனையில் `F240`-இலேயே தோற்ற மெஷினிடம் அதைவிட அதிகம் கேட்டிருக்கிறார். டெஃப்லான் உள்குழாய் வைத்த இந்த மாதிரிச் சாதாரண ஹாட்எண்டுகள் பிஎல்ஏவை நொடிக்கு எட்டு, பத்து கன மி.மீ.க்கு மேல் உருக்கத் திணறும். வேகத்தை 60 ஆக்கினால் கணக்கு 7.6 கன மி.மீ.க்கு, சுமார் `F190`-க்கு இறங்கும். அன்றைய வேலை அந்த வேகத்தில் நடந்தது.

ஆனால் அதோடு விட்டுவிடக்கூடாது. இதே மெஷின் ஓராண்டுக்கு முன் 90-இல் ஓடியிருக்கிறது என்றார். ஹாட்எண்ட் அப்போதும் திணறியிருக்கும், ஆனாலும் பிடி தோற்கவில்லை. ஆக, பிடியில் ஏதோ தேய்ந்திருக்கிறது.

“பிஎல்ஏ மெத்தென்றது, பித்தளையைத் தேய்க்காது”

சாதாரண பிஎல்ஏ மெதுவாகத்தான் தேய்க்கும். ஆனால் பட்டறைக்கு வருவதெல்லாம் சாதாரணம் அல்ல. இருட்டில் ஒளிரும் ஃபிலமென்டில் கலந்திருக்கும் ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட் துகள் பித்தளையைவிட மிகவும் கடினமானது. கார்பன் நார், கண்ணாடி நார் கலந்தவையும் அப்படியே. நாசில் தேயும் என்பது இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, அதற்கு எஃகு நாசில் போட்டுவிடுகிறார்கள். அதே ஃபிலமென்ட் அதற்கு முன்பே கியரின் பல்லைக் கடந்துதான் வருகிறது என்பது மறந்துபோகிறது. அந்தத் தம்பியும் ஒளிரும் ஃபிலமென்டில் நிறைய வேலை செய்திருந்தார், எஃகு நாசில் போட்டு.

தேய்ந்த கியரைக் கண்டுபிடிக்க அதைக் கழற்ற வேண்டும், மேலிருந்து எட்டிப்பார்த்தால் தெரியாது. கையையும் பேரிங்கையும் எடுத்துவிட்டு, கியரின் பக்கத்தில் இருக்கும் கிரப் ஸ்க்ரூவை ஆலன் கீயால் தளர்த்துங்கள். தளர்த்தும்போதே கவனியுங்கள்: அது ஏற்கெனவே லூசாக இருந்தால் தண்டு சுற்றியும் கியர் சரியாகச் சுற்றியிருக்காது, கோளாறே அதுவாக இருக்கலாம். பெரும்பாலான தண்டுகளில் ஒரு பக்கம் தட்டையாக இழைத்திருக்கும். ஸ்க்ரூ அந்தத் தட்டைப் பக்கத்தில் உட்காராமல் வளைவில் உட்கார்ந்திருந்தால் சில வாரத்தில் மறுபடி லூசாகிவிடும்.

கழற்றிய கியரைத் தூள் போகத் துடைத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே கண் மட்டத்தில் வைத்து மெல்லச் சுற்றுங்கள். பல்லின் முனைகள் ஒரே கோட்டில் தெரிய வேண்டும். தேய்ந்திருந்தால் ஃபிலமென்ட் ஓடிய இடத்தில் மட்டும் விளிம்பு பள்ளமாகத் தாழ்ந்திருக்கும், பல்லின் முனை கத்தி போல இல்லாமல் பளபளவென்று உருண்டிருக்கும். பக்கத்திலேயே ஃபிலமென்ட் தொடாத பகுதியில் பல் புதுசு போலவே இருக்கும். இந்த இரண்டையும் ஒப்பிடுவதுதான் சோதனை. நகத்தைக் குறுக்கே இழுத்தால் தொடாத இடத்தில் நறநறவென்று மாட்டும், ஓடிய தடத்தில் வழுக்கும். அந்த மெஷினின் கியரில் தடம் சக்கரத்தின் நடுவில்கூட இல்லை, கீழ் விளிம்பை ஒட்டி இருந்தது. யாரோ ஒருமுறை கழற்றி மாட்டியபோது கியரைக் குழாயின் நேர்கோட்டுக்குக் கொண்டுவராமல் சற்று மேலே பூட்டியிருக்கிறார்கள். பல்லின் பாதி அகலம்தான் கடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பாதியும் தேய்ந்துவிட்டது. பழைய ஃபிலமென்டை எடுத்துப் பார்த்தால் அதன் தடமும் ஒரு ஓரத்தில் ஆழமாக, மறு ஓரத்தில் ஒன்றுமே இல்லாமல் இருந்தது. ஸ்பிரிங்கை முடிந்த மட்டும் முறுக்கியும் தூள் கொட்டியதற்கு அதுவே காரணம்.

கியர் தேய்ந்தது தெரியாமல் இருக்கும் காலத்தில் சிலர் மோட்டாரின் கரண்டைக் கூட்டிவிடுகிறார்கள். அது ஸ்கிப்புக்குச் செய்யும் வைத்தியம், கிரைண்டிங்குக்கு எதிரானது. கரண்ட் கூடினால் மோட்டார் கொதிக்கும், சூடு தண்டு வழியாகக் கியருக்கு வரும். அறையே 32 டிகிரியில் இருக்கும் ஊரில் கியர் 50, 60-ஐ நெருங்கினால் பிஎல்ஏ அங்கேயே இளகி, பல் வெண்ணெயில் இறங்குவதாய் இறங்கும். மோட்டாரில் கை வைத்துப் பொறுக்க முடியவில்லை என்றால் கரண்டைக் குறைப்பதுதான் சரி.

அந்த மெஷினுக்குக் கடினப்படுத்திய எஃகுக் கியர் வாங்கிப் போட்டோம். பூட்டும்போது ஒரு நீளமான நேரான ஃபிலமென்ட் துண்டை வாசலிலிருந்து குழாயின் ஓட்டை வரை செருகி, அது பல் அகலத்தின் நடுவில் படும் உயரத்துக்குக் கியரைக் கொண்டுவந்து, தட்டைப் பக்கத்தில் கிரப் ஸ்க்ரூவை இறுக்கினோம். ஸ்பிரிங்கை முழுக்கத் தளர்த்தி, விரல் சோதனையால் புதிதாக வைத்தோம். பழைய முறுக்கில் பாதிக்கும் குறைவாகவே போதுமானதாக இருந்தது. அதன்பிறகு அதே ஓட்டம்: `F60`-இல் மிச்சம் 19, `F240`-இல் மிச்சம் 22.

`F60`-இல் 20 வர வேண்டியது 19 ஆனதைக் கவனியுங்கள். இப்போது கொஞ்சம் அதிகமாகப் போகிறது. புதுக் கியரின் செயல்விட்டம் தேய்ந்ததைவிடப் பெரிது, அதனால் ஒரு சுற்றுக்கு அதிக நீளம் தள்ளுகிறது. இங்கேதான் இ-ஸ்டெப்ஸை மாற்ற வேண்டும், அதுவும் ஸ்பிரிங்கை வைத்து முடித்த பிறகு. முன்பு 93 இருந்தது. 100 கேட்டு 101 போனதால் 93-ஐ 100-ஆல் பெருக்கி 101-ஆல் வகுத்தால் 92.1.

```
M92 E92.1
M500
```

`F240`-இல் இன்னும் குறையும் அந்த இரண்டு மூன்று மி.மீ. கியரின் குற்றம் அல்ல, ஹாட்எண்டின் உருக்கும் எல்லை. அதை ஸ்பிரிங்காலோ கியராலோ தாண்ட முடியாது. வேகத்தைக் குறைக்கலாம், சூட்டை 215, 220 வரை ஏற்றிப் பார்க்கலாம், அல்லது அதிகம் உருக்கும் ஹாட்எண்ட் வாங்கலாம். அந்தத் தம்பி 70-இல் ஓட்டுகிறார். ஒளிரும் ஃபிலமென்ட் வேலை வந்தால், ரோல் முடிந்ததும் கியரைக் கழற்றாமலேயே கையை மட்டும் விலக்கி, பல்லைத் துலக்கிவிட்டு நகத்தால் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்கிறார்.